பிற வங்கி ஏடிஎம்களில் இலவச வரம்பு முடிந்த பின் கட்டணம் எவ்வாறு பிடிக்கப்படுகிறது?

பெங்களூரு அல்சூரில் வசிப்பவர் தமது வங்கிக் கிளைக்கு நெடுந்தொலைவு செல்லாமல், ஏரிக்கரைச் சாலையிலோ மெட்ரோ நிலையத்தின் அருகிலோ உள்ள வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் பணம் எடுப்பது வழக்கம். இவ்வாறு எடுப்பதற்கு மாதத்துக்கு மூன்று முறை மட்டுமே கட்டணம் இல்லை. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு ஆகிய ஆறு பெருநகரங்களுக்கு இந்த வரம்பு பொருந்தும். பிற ஊர்களில் ஐந்து முறை அனுமதி உண்டு. சொந்த வங்கியின் ஏடிஎம்மில் குறைந்தபட்சம் ஐந்து முறை கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இவை ரிசர்வ் வங்கி நிர்ணயித்த குறைந்தபட்ச அளவுகள். இதைவிடக் கூடுதல் சலுகை அளிப்பது அந்தந்த வங்கியின் விருப்பம்.

பெருநகர வரம்பு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்ததில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. 2013 நவம்பரில் இந்நகரின் ஏடிஎம் மையம் ஒன்றுக்குள் பெண் வாடிக்கையாளர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டதை அடுத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளை வலுப்படுத்துமாறு வங்கிகள் வலியுறுத்தப்பட்டன. அதற்கான செலவைக் காரணம் காட்டி, இலவசப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என வங்கிகள் கோரின. 2014 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அதே ஆண்டு நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்குப் பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. கணக்கு எந்த ஊரில் உள்ளது என்பது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. இயந்திரம் எங்கே நிற்கிறது என்பதே வரம்பைத் தீர்மானிக்கிறது. ஓசூர் கிளையில் கணக்கு வைத்திருப்பவரும் அல்சூரில் பணம் எடுத்தால் அவருக்குப் பெருநகர வரம்பே பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். அல்சூரில் வாடகைக்குக் குடியேறும் ஒருவர், முன்பணமாக 25,000 ரூபாயைப் பிற வங்கி ஏடிஎம்மில் எடுக்கிறார். ஒரு முறைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் அந்த இயந்திரம் தராததால் 10,000, 10,000, 5,000 என மூன்று முறை எடுக்க நேர்கிறது. அம்மாதத்தின் இலவச வாய்ப்புகள் அன்றைக்கே, சில நிமிடங்களில் தீர்ந்துவிட்டன. 20ஆம் தேதி அவசரத்துக்கு 500 ரூபாய் எடுக்கிறார். 2025 மே 1 முதல் ஒரு பரிவர்த்தனைக்கு விதிக்கக்கூடிய உச்சக் கட்டணம் 23 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4.14 ரூபாய் சேர்ந்தால் 27.14 ரூபாய். 500 ரூபாய்க்கு இது ஐந்து சதவீதத்துக்கும் அதிகம். 10,000 ரூபாய் எடுத்திருந்தாலும் இதே தொகைதான். சிறு தொகை எடுப்போரையே இக்கட்டணம் பெரிதும் பாதிக்கிறது.

பணம் எடுப்பது மட்டுமே எண்ணிக்கையில் சேரும் என்று கருதுவதும் தவறு. பிற வங்கி ஏடிஎம்மில் இருப்புத் தொகையைப் பார்ப்பதும், சுருக்க அறிக்கை எடுப்பதும் அதே மூன்றில் அடங்கும். இருப்பைப் பார்த்துவிட்டு உடனே பணம் எடுப்பவர் இரண்டு வாய்ப்புகளைச் செலவிடுகிறார்.

கட்டணம் ஏடிஎம் தரும் ரசீதில் பெரும்பாலும் இடம்பெறாது. எடுத்த தொகை ஒரு வரியிலும், கட்டணம் தனி வரியிலும் கணக்கு அறிக்கையில் பதிவாகும். ATM, CHG போன்ற சுருக்கங்களைக் கொண்டு அவ்வரியை அடையாளம் காணலாம். வரி தனியாகவும் காட்டப்படலாம். பல வேளைகளில் சில நாட்கள் கழித்தே இது பிடிக்கப்படுவதால், எந்த நாளின் பயன்பாட்டுக்கு உரியது என்பது எளிதில் விளங்குவதில்லை. அம்மாதத்தின் முதல் தேதியிலிருந்து பிற வங்கிப் பயன்பாடுகளை வரிசையாக எண்ணிப் பார்ப்பதே நேரான வழி. இக்கட்டணத்தைப் பிடிப்பது வாடிக்கையாளரின் சொந்த வங்கியே. இயந்திரத்தை வைத்திருக்கும் வங்கிக்கு அது தனியாக ஒரு பரிமாற்றக் கட்டணம் செலுத்துகிறது. ஆகவே புகாரையும் சொந்த வங்கியிடமே அளிக்க வேண்டும்.

இயந்திரத்தில் பணம் இல்லாமை, தொழில்நுட்பக் கோளாறு, தவறான பின் எண் ஆகியவற்றால் நிறைவேறாத முயற்சிகளை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. அவற்றுக்குக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தால் திரும்பக் கோரலாம். ஆனால் கணக்கில் போதிய தொகை இல்லாமல் மறுக்கப்பட்டால், அதற்கெனப் பல வங்கிகள் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன.

கணக்கில் தொகை கழிந்தும் பணம் கைக்கு வராவிட்டால், அதனை ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புகாருக்கு 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காதபோது cms.rbi.org.in என்ற இணையதளம் வழியாக ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தேதி, நேரம், ஏடிஎம் அமைந்துள்ள இடம், ரசீதில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் குறித்து வைத்திருப்பது அப்போது தேவைப்படும்.