இன்மைக் கருதுகோள் எந்த வினாவுக்கு விடை? ஃபிஷரின் தேநீர்ச் சோதனையும் நம் ஆய்வேடுகளும்

கல்வியியல் ஆய்வேடுகளில் ஆய்வு வினா ஒன்றைக் கேட்க, கருதுகோள் வேறொன்றைச் சொல்ல, முடிவுரை இரண்டையும் விட்டு விலகிப் போவதற்கு மாணவரின் கவனக்குறைவே காரணம் என்பது நம் துறையில் நெடுநாளாக வழங்கிவரும் விளக்கம். நெறியாளர் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு காட்டினால் இது சரியாகிவிடும் என்றும் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் பார்த்தவரையில் மாணவர்கள் கற்பிக்கப்பட்ட விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். பிளவு அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு கருதுகோள் வேண்டும், ஒவ்வொரு கருதுகோளும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்ற வடிவில் அமைய வேண்டும், சோதனையில் அது நிராகரிக்கப்படாவிட்டால் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுத வேண்டும் என்பதே அந்த விதி.

இவ்விதிக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, ரொனால்டு ஃபிஷர் 1935இல் வெளியிட்ட பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலின் இரண்டாம் இயல். இன்மைக் கருதுகோள் என்ற கருத்தை அவர் விளக்குவது அங்கேதான். ஆய்வாளர் தம் கருதுகோளை இன்மை வடிவில் எழுத வேண்டும் என்று ஃபிஷர் வகுத்ததாகவே அந்த இயல் நம்மிடையே வாசிக்கப்படுகிறது. நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வு வினாவை எப்படி எழுதுவது என்பதே அதைப் பொறுத்து மாறிவிடுகிறது.

சோதனையின் அமைப்பை முதலில் பார்ப்போம். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்கிறார் ஒரு பெண்மணி. ஃபிஷர் 8 கோப்பைகள் தயாரிக்கச் சொல்கிறார்: நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். கோப்பைகள் சமவாய்ப்பு வரிசையில் வைக்கப்படுகின்றன. நான்கு நான்காகப் பிரியும் என்பது அந்தப் பெண்மணிக்கு முன்கூட்டியே சொல்லப்படுகிறது. 8 கோப்பைகளிலிருந்து 4ஐத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் முழுச் சரி. ஆகவே எந்தத் திறனும் இல்லாத ஒருவர் தற்செயலாக நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 70இல் 1.

நான்கில் மூன்றைச் சரியாகவும் ஒன்றைத் தவறாகவும் அவர் சொல்லியிருந்தால்? அது 16 வழிகளில் நிகழலாம். முழுச் சரியான ஒரு வழியையும் சேர்த்தால் 70இல் 17, அதாவது ஏறத்தாழ 24 விழுக்காடு. வழக்கமான 5 விழுக்காட்டு எல்லையை இது நெருங்கக்கூட இல்லை. இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது. நம் ஆய்வேட்டு மரபில் இவ்விடத்தில் எழுதப்படும் வாக்கியம் நமக்கு நன்றாகத் தெரியும்: ‘இன்மைக் கருதுகோள் ஏற்கப்பட்டது, எனவே அவருக்குப் பகுத்தறியும் திறன் இல்லை.’ ஃபிஷரின் இயலில் இந்த வாக்கியத்துக்கு இடமில்லை. இன்மைக் கருதுகோளை ஒரு சோதனை பொய்ப்பிக்கலாம், ஒருபோதும் மெய்ப்பிக்க முடியாது என்பதை அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். சோதனையின் நுண்ணுணர்வைக் கூட்டுவது பற்றி அவர் பேசும் பகுதியோ இன்னும் முக்கியமானது. கோப்பைகளை 12 ஆக்கினால் தெரிவு வழிகள் 924 ஆகின்றன. அப்போது ஆறில் ஒன்றைத் தவறவிட்டாலும், அதைவிட மோசமாகாத முடிவுகளின் வாய்ப்பு 924இல் 37, அதாவது 4 விழுக்காடு. இங்கே இன்மைக் கருதுகோளை நிராகரிக்கலாம்.

அதே பெண்மணி, அதே நாக்கு, இரண்டிடத்திலும் ஒரே ஒரு பிழை. எட்டுக் கோப்பைகளில் ‘திறன் இல்லை’ என்றும் பன்னிரண்டில் ‘திறன் உண்டு’ என்றும் எழுத நேர்ந்தால், நாம் அவரைப் பற்றி எழுதவில்லை, கோப்பைகளின் எண்ணிக்கையைப் பற்றி எழுதுகிறோம். எட்டுக் கோப்பைச் சோதனை அவருக்கு ஒரு பிழையைக்கூட அனுமதிக்கவில்லை. ‘அவர் பெரும்பாலும் சரியாகச் சொல்வாரா?’ என்ற வினாவோடு தொடங்குபவர் எட்டுக் கோப்பைகளை வைத்துக்கொண்டால், வினாவும் முறையும் முதல் நாளே பிரிந்துவிடுகின்றன. பிறகு முடிவுரையில் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அவை சேரா.

அப்படியானால் ஃபிஷர் இன்மைக் கருதுகோளை எதற்காக எழுதினார்? கணக்குப் போடுவதற்காக. ‘அவருக்குத் திறன் உண்டு’ என்பது துல்லியமற்ற கூற்று. எவ்வளவு திறன் என்று சொல்லாதவரை அதிலிருந்து எந்த வாய்ப்பையும் கணக்கிட முடியாது. ‘திறன் அறவே இல்லை’ என்பதிலிருந்து 70இல் 1 என்ற எண் உடனே கிடைக்கிறது. இதில் ஒரு நுணுக்கத்தை நம் நூல்கள் தாண்டிப் போய்விடுகின்றன. அவர் ஒருபோதும் தவறமாட்டார் என்று யாரேனும் கூறினால் அதுவும் துல்லியமான கருதுகோளே, ஒரே ஒரு பிழையால் அது பொய்ப்பிக்கப்படும் என்கிறார் ஃபிஷர். ஆக, சோதிக்கப்படும் கருதுகோளுக்கு வேண்டிய தகுதி துல்லியம். ‘இல்லை’ என்று முடிவதன்று. ஆய்வாளர் எதை நம்புகிறார், எதை எதிர்பார்க்கிறார் என்பதைச் சொல்லும் ஆய்வுக் கருதுகோள் வேறு. சோதனைக்காக அமைக்கப்படும் இன்மைக் கருதுகோள் வேறு. முன்னது முதல் இயலில், வினாவை அடுத்து வரவேண்டியது. பின்னதன் இடம் புள்ளியியல் பகுப்பாய்வு. இரண்டாவதைக் கொண்டுவந்து முதலாவதன் இடத்தில் வைத்ததுதான் நம் விதி செய்த கேடு.

இந்தக் கேடு ஓர் ஆய்வேட்டில் எப்படி வெளிப்படும் என்பதைக் காட்ட, விளக்கத்துக்காக நானே சில எண்களை அமைத்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவு பற்றிய ஆய்வு. வினா: ‘கிராமப்புற மாணவர்களும் நகர்ப்புற மாணவர்களும் கணிதத்தில் ஒரே நிலையில் உள்ளனரா?’ கருதுகோள்: ‘இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.’ பிரிவுக்கு 60 பேர். நகர்ப்புறச் சராசரி 3 மதிப்பெண் கூடுதல். திட்ட விலக்கம் இரு பிரிவிலும் 12. சராசரி வேறுபாட்டின் திட்டப் பிழை ஏறத்தாழ 2.2 ஆகிறது. 3ஐ அதனால் வகுக்க, t மதிப்பு 1.37 அளவில் வரும். 5 விழுக்காட்டு நிலைக்கு இது போதாது. கருதுகோள் ‘ஏற்கப்படுகிறது’. முடிவுரையில், இரு பிரிவினரும் சமநிலையில் உள்ளனர், எனவே கிராமப்புறப் பள்ளிகளுக்குத் தனிப் பயிற்சித் திட்டம் தேவையில்லை என்று பரிந்துரை வருகிறது.

அதே தரவிலிருந்து 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது கழித்தல் 1.3 முதல் கூட்டல் 7.3 வரை நீள்கிறது. நகர்ப்புற மாணவர்கள் 7 மதிப்பெண் முன்னே இருக்கிறார்கள் என்பதோடும் இந்தத் தரவு பொருந்துகிறது. இருவரும் சமம் என்பதோடும் பொருந்துகிறது. இதிலிருந்து ஒரு பயிற்சித் திட்டத்தைக் கைவிடச் சொல்வது கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி. இந்தச் சொல்லைத் தயங்காமலே பயன்படுத்துகிறேன், ஏனென்றால் ஆய்வேட்டில் தவறாக எழுதிய ‘இல்லை’ நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை.

‘ஒரே நிலையில் உள்ளனரா?’ என்று கேட்க விரும்புபவருக்கு வழி இல்லாமல் இல்லை. அந்த வினாவுக்கு வேறு கருதுகோளும் வேறு மாதிரி அளவும் வேண்டும், அவ்வளவே. எத்தனை மதிப்பெண் வேறுபாட்டைக் கல்வி நோக்கில் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதைத் தரவு திரட்டும் முன்பே காரணத்தோடு முடிவு செய்ய வேண்டும். அது 5 என்று கொள்வோம். இப்போது பொய்ப்பிக்க வேண்டிய கருதுகோள் ‘வேறுபாடு 5 அல்லது அதற்கு மேல்’ என்று மாறுகிறது. 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி முழுவதும் கழித்தல் 5க்கும் கூட்டல் 5க்கும் இடையே அடங்கினால்தான் சமநிலை என்று எழுதலாம். மேற்சொன்ன தரவில் அந்த இடைவெளி 6.6 வரை போகிறது, அடங்கவில்லை. உண்மையில் இரு பிரிவினரும் சமமாகவே இருந்து, அதை 80 விழுக்காடு வாய்ப்போடு காட்ட வேண்டுமானால் பிரிவுக்கு ஏறத்தாழ 100 பேர் வேண்டும். அதுவும் மாணவர்களைத் தனித்தனியே சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்தால்தான். நம் ஆய்வுகளில் நடப்பதுபோல் இரண்டு மூன்று பள்ளிகளில் வகுப்பு வகுப்பாக வினாத்தாள் கொடுத்தால், ஒரே ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். தலைகளை எண்ணிப் பெற்ற 100, கணக்கில் 100 ஆக நிற்காது.

‘வேறுபாடு எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பவருக்கு இன்மைக் கருதுகோளே தேவையில்லை. மதிப்பீடும் இடைவெளியும் போதும். முடிவுரையும் அந்த அளவையே பேசும். கிராமப்புற வகுப்பறையில் கணிதத்தை மாணவர் எப்படி எதிர்கொள்கிறார் என்று நேர்காணல்வழி அறிய முனைபவருக்கும் அப்படித்தான். அங்கேயும் படிவத்தை நிரப்புவதற்காக ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுத வைக்கிறோம். இதைப் பற்றி வாதிக்க ஒன்றுமில்லை, நிறுத்த வேண்டியதுதான்.

எதிர்வாதங்களுள் கனமானது ஒன்று உண்டு. நெய்மனும் பியர்சனும் 1933இல் அளித்த கோட்பாட்டில் கருதுகோளை ‘ஏற்றல்’ முறையான முடிவுதானே, ஃபிஷரை மட்டும் ஏன் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கோட்பாட்டில் ஏற்றல் என்பது இரண்டாம் வகைப் பிழையின் அளவைக் கணக்கில் கொண்டு எடுக்கும் செயல்முடிவு. அந்தக் கூற்று உண்மை என்ற நம்பிக்கை அதில் அடங்கவில்லை. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் உண்மையான வேறுபாடு 5 மதிப்பெண்ணாக இருந்தாலும், 60 பேர் கொண்ட சோதனை அதைத் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு. இந்த எண்ணை மூன்றாம் இயலிலேயே எழுதிவைக்கும் ஆய்வேடு ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. பல்கலைக்கழகப் படிவம் இன்மை வடிவத்தையே கேட்கிறது என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. படிவத்தில் இன்மைக் கருதுகோளுக்கு மேலே ஆய்வுக் கருதுகோளை எழுத யாரும் தடுக்கவில்லை.

ஆய்வுத் திட்டத்தை நெறியாளர் ஒப்பும் நாளில் செய்யத்தக்க ஒரு சோதனையை முன்வைக்கிறேன். மாணவர் ஒவ்வொரு வினாவின் கீழும் இரண்டு முடிவுரை வாக்கியங்களை எழுதட்டும்: சோதனை இன்மைக் கருதுகோளை நிராகரித்தால் ஒன்று, நிராகரிக்காவிட்டால் மற்றொன்று. மேற்கண்ட கணித அடைவு ஆய்வில், 60 பேரோடு நிற்கும் திட்டத்தில், இரண்டாவது வாக்கியம் இப்படித்தான் அமைய முடியும்: ‘இவ்வளவு மாதிரியைக் கொண்டு வேறுபாடு உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலவில்லை.’ அந்த வாக்கியத்தில் கையெழுத்திட மனம் வராத மாணவர் மாதிரியைக் கூட்டலாம், அல்லது ‘ஒரே நிலையில் உள்ளனரா?’ என்பதை ‘எவ்வளவு வேறுபாடு?’ என்று மாற்றிக்கொள்ளலாம். வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் இரண்டுமே கைக்கு எட்டும். t மதிப்பு வந்த பிறகு எட்டாது.