நுண்கட்டுப்படுத்தி முனையின் கட்டப் படத்தை வாசித்தல்

நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை உள்ளீடா வெளியீடா என்பதையும், வெளியீடானால் அதில் 0 வருமா 1 வருமா என்பதையும் எந்தப் பதிவகங்கள் தீர்மானிக்கின்றன என்று தரவுத்தாளின் கட்டப் படத்திலிருந்தே கண்டறியலாம். ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி சில்லு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அட்மெல் நிறுவனம் வடிவமைத்த இச்சில்லை, 2016இல் அந்நிறுவனத்தை வாங்கிய மைக்ரோசிப் இப்போது விற்கிறது. இதன் தரவுத்தாளில் உள்ளீட்டு வெளியீட்டுத் துறைகளைப் பற்றிய அத்தியாயத்தில் `General Digital I/O` என்ற படம் இருக்கிறது. அது ஒரேயொரு முனையின் உட்சுற்று.

படத்தில் இடது ஓரத்தில் `Pxn` என்ற முனையும் வலது ஓரத்தில் தரவுப் பாட்டையும் உள்ளன. நிரல் எழுதுபவரின் கண் பாட்டையிலிருந்து தொடங்கும். ஆனால் முனையிலிருந்து பின்னோக்கி வருவதே சரியான வழி. முனையை இயக்கும் வன்மை உள்ள உறுப்பு எது என்று முதலில் தேட வேண்டும். அது முக்கோண வடிவில் வரைந்த மூன்று நிலைத் தாங்கி. அதற்குள் இரண்டு கம்பிகள் வருகின்றன. அடிப்பக்கத்தில் நுழைவது தரவு. சாய்ந்த பக்கத்தில் தொடுவது அனுமதி. அனுமதி 0 ஆனால் தாங்கி முனையை விட்டு விலகிவிடும், தரவு எதுவாக இருந்தாலும் வெளியே வராது. ஆகவே அனுமதிக் கம்பி செல்லும் இடம் திசைப் பதிவகம். தரவுக் கம்பி செல்லும் இடம் வெளியீட்டுப் பதிவகம். எந்தச் சில்லின் படத்திலும் இந்தத் தாங்கியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே அனுமதிக் கம்பி `DDxn` என்ற ஃபிளிப்-ஃபிளாப்பிலும் தரவுக் கம்பி `PORTxn` என்ற ஃபிளிப்-ஃபிளாப்பிலும் போய் முடிகின்றன. `x` துறையின் எழுத்து, `n` பிட்டின் எண். ஊனோவின் 13ஆம் எண் முனை சில்லில் `PB5`. எனவே அதற்கு உரியவை `DDRB`, `PORTB` ஆகியவற்றின் 5ஆம் பிட்டுகள். ஃபிளிப்-ஃபிளாப்பின் கடிகார முனையைத் தொடும் `WDx`, `WRx` ஆகியவற்றின் விரிவு படத்துக்குக் கீழே இருக்கிறது: முன்னது `DDRx` எழுதும் குறிகை, பின்னது `PORTx` எழுதும் குறிகை. இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களிலும் மீட்டமைப்புக் கம்பி இணைந்திருப்பதால், மின்சாரம் வந்தவுடன் இரண்டுமே 0; முனை உள்ளீடாகவே விழிக்கும்.

```c
PORTB |= (1 << PORTB5);
DDRB  |= (1 << DDB5);
```

இரண்டாம் வரியை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே படம் சொல்கிறது. `PORTxn`-இலிருந்து ஒரு கிளை மேலே சென்று, ஓர் `AND` வாயில் வழியாக, முனையை மின்னழுத்தத்துடன் இணைக்கும் மின்தடையை இயக்குகிறது. அந்த வாயில் திறக்க `PORTxn` 1 ஆகவும் `DDxn` 0 ஆகவும் பொது முடக்கமான `PUD` 0 ஆகவும் இருக்க வேண்டும். திசைப் பிட்டை எழுதாமல் வெளியீட்டுப் பிட்டை மட்டும் எழுதினால் இந்த நிலைதான். முனையிலிருந்து நிலத்துக்கு ஓர் எல்இடியை இணைத்திருந்தால், 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள இந்த மின்தடை வழியாகச் சில பத்து முதல் நூற்றைம்பது வரையான மைக்ரோ ஆம்பியர் ஓட்டமே பாயும். விளக்கு அணையாமல் மங்கலாக எரியும். பழுது கம்பியில் இல்லை, `DDRB`-இல் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. மேலே `PORTB`-ஐ முதலில் எழுதியதற்கும் இதுவே காரணம்: மாறும் கணத்தில் முனை மெல்லிய மேலிழுப்பில் இருக்கும், வரிசையை மாற்றினால் ஒரு கணம் வன்மையாக 0-இல் நிற்கும்.

`PINxn` வாசிப்பதற்கு மட்டும் என்று பலர் எண்ணுவர். ஆனால் `WPx` என்ற எழுதும் குறிகை `PORTxn`-இன் முன்னுள்ள தெரிவியைத் தொடுவதைக் கவனிக்கலாம். `PINB`-இல் 1 எழுதினால் `PORTB`-இன் அந்தப் பிட்டு தலைகீழாகும்.

முனைக்கு வேறு பணியும் இருந்தால் இந்தப் படம் போதாது. அதே அத்தியாயத்தில் மாற்றுப் பணிகளுக்கான படம் ஒன்று வருகிறது; அதில் `DDxn`, `PORTxn` ஆகியவற்றுக்கும் தாங்கிக்கும் இடையே இரண்டு தெரிவிகள் புகுந்திருக்கும். `DDOE` திசையையும் `PVOE` வெளியீட்டையும் பதிவகத்திடமிருந்து பறிக்கும். எந்த முனையில் எது பறிபோகிறது என்பதைப் படத்தை அடுத்த அட்டவணைகளில் பார்க்க வேண்டும். தொடர் அனுப்பியை இயக்கினால் `PD1`-இல் திசை, வெளியீடு இரண்டுமே பறிபோகும். `DDRD`-இல் என்ன எழுதினாலும் முனை வெளியீடுதான். `PB1`-இல் துடிப்பு அகலப் பண்பேற்றம் தரும் முதலாம் டைமர் வெளியீட்டை மட்டுமே பறிக்கிறது, திசையைத் தொடுவதில்லை. டைமரைச் சரியாக அமைத்தும் `PB1`-இல் அலை வராவிட்டால், `DDRB`-இன் 1ஆம் பிட்டைப் பார்க்க வேண்டும்.