முகூர்த்தம்: ஒரு சொல்லும் ஒரு கடிதமும்

‘ஆவணித் திங்கட்கிழமை முகூர்த்தத்துக்கு என்னால் வர இயலாது. அன்று நாகர்கோவிலில் அக்கா மகளுக்கும் முகூர்த்தம். தாய்மாமன் நான் ஒருவன்தான். மறுவாரம் மதுரைக்கு வந்து பிள்ளைகள் இருவரையும் பார்க்கிறேன்.’

என் மகள் கல்யாணப் பத்திரிகை கிடைத்ததும் நண்பர் எழுதிய கடிதம் இது. இரண்டு முறை வருகிற ‘முகூர்த்தம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் ‘கல்யாணத்துக்கு வரமாட்டேன்’ என்று எழுதவில்லை. மறுப்பு அந்தக் காலைப்பொழுதுக்கு மட்டும்தான். கல்யாண வீட்டுக்கு அவர் வரத்தான் போகிறார். இந்த நயத்துக்கு இடம் கொடுப்பது அந்தச் சொல்லின் வரலாறு.

வடமொழியில் முகூர்த்தம் என்பது முதலில் ‘சிறுபொழுது’, ‘கணநேரம்’. பின்னர் அதுவே ஓர் அளவானது. பகலுக்கு 15, இரவுக்கு 15 என ஒரு நாளை 30 முகூர்த்தங்களாகச் சதபத பிராமணம் பிரிக்கிறது. இரண்டு நாழிகை சேர்ந்தது ஒரு முகூர்த்தம் என்பது அர்த்தசாஸ்திரக் கணக்கு. நாழிகைக்கு 24 நிமிடம் என்று வைத்தால் முகூர்த்தம் 48 நிமிடம். நல்லது கெட்டது எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. படி, மரக்கால் போல அது வெறும் அளவுதான். விடியலுக்கு முந்தைய பிரம்ம முகூர்த்தத்தில் இன்றும் பழைய அளவு மிஞ்சியிருக்கிறது.

நல்ல பொழுது பார்த்து மணம் செய்யும் வழக்கம் தமிழில் இந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கவில்லை. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் இருள் நீங்கிய காலையில், கோள்களின் தீங்கு விலகிய நன்னாளில் திருமணம் நடக்கிறது. அங்கே அதற்குப் பெயர் ‘நாள்’. பழந்தமிழில் நாள் என்றால் விண்மீன் என்றும் பொருள் உண்டு. பின்னால் வந்த முகூர்த்தம் ‘நாளு’க்குள் இருக்கும் நேரத்துக்குப் பெயரானது. அளவு என்ற பொருள் மங்கி, நல்ல நேரம் என்ற பொருள் நிலைத்தது. அந்த நேரத்தில் நடக்கும் தாலிகட்டு முகூர்த்தமாகி, கடைசியில் கல்யாணமே முகூர்த்தமானது. ‘இன்னைக்கு மூணு முகூர்த்தம், எங்கே சாப்பிடுறது?’ என்று கேட்பவர் மனத்தில் கடிகாரமே இல்லை. முகூர்த்தப்பட்டு, முகூர்த்தக்கால், முகூர்த்த ஓலை என்று சொல் மேலும் கிளைத்தது.

ஆனால் பத்திரிகை அடிக்கும்போது கடிகாரம் திரும்பி வந்துவிடுகிறது. ‘6.00 மணிக்கு மேல் 7.30க்குள்’ என்று போடுகிறோமே, அது 48 நிமிடம் அல்ல, ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணிப் பகலை எட்டாகப் பிரித்தால் வரும் ராகு காலத்தின் அளவு அது. லக்னம், திதி எல்லாம் பார்த்த பிறகும், ராகு காலமும் எமகண்டமும் போக மிஞ்சும் இடத்தில்தான் தாலி கட்ட வேண்டும். எங்கள் திங்கட்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். 7.30 முதல் 9.00 வரை ராகு காலம். 10.30 முதல் 12.00 வரை எமகண்டம். காலையில் எஞ்சுவது 6.00 முதல் 7.30 வரையும், 9.00 முதல் 10.30 வரையும்தான். நாகர்கோவிலில் முந்தையது, மதுரையில் பிந்தையது. இரண்டும் ஒரே ஊராக இருந்திருந்தால் மருமகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு நம் மண்டபத்தில் அவர் அட்சதை போட்டிருப்பார். இடையில் இருப்பதோ 200 கிலோமீட்டருக்கு மேல்.

அதே நாளில் இரண்டு பத்திரிகை வந்ததும் தற்செயல் அல்ல. ஆடியில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். நடுவில் அகப்பட்ட ஆவணியில் செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாவற்றையும் கழித்து, வளர்பிறைதான் வேண்டும் என்றும் பார்த்தால் விரல்விட்டு எண்ணும் நாட்களே தேறும். ஊர் முழுக்க அந்த நாட்களுக்குள் நெருக்கியடிக்கிறது. மண்டபக்காரர்களும் சமையல்காரர்களும் பேசும் ‘பெரிய முகூர்த்தம்’ இதுதான். அவர்கள் வாயில் சொல்லுக்குக் ‘கூட்டம்’ என்ற பொருளும் ஏறிவிட்டது.

இப்படிப்பட்ட நாளில் வர முடியாதவர்கள் எழுதுவதில் நான் முக்கியமாகப் பார்ப்பது, எந்தப் பொழுதுக்கு வரவில்லை என்பதைச் சொல்கிறார்களா என்றுதான். ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்ற வரி வீட்டாரை ஊகத்தில் விட்டுவிடும்; முதல் நாள் வரவேற்புக்காவது வருவாரா, இலை போடலாமா என்று தெரியாது. எங்கே போகிறேன், அங்கே எனக்கு என்ன முறை என்று சொல்லிவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமில்லை. தாய்மாமன் இல்லாத மணவறையை எந்தப் பெண்வீட்டார்தான் விரும்புவார்கள்? மொய்க் கவரை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு நிம்மதியாகிவிடுவதும் எனக்கு உவப்பில்லை. அது பணத்துக்குப் பதில் சொல்லும், அழைப்புக்குச் சொல்லாது. நண்பர் மறுவாரம் வருவதாகக் குறித்திருந்தார். அப்போது புதுமணத் தம்பதிக்கு எங்கள் வீட்டில் விருந்து. அவருக்கும் சேர்த்தே சமைக்கச் சொல்லியிருக்கிறேன்.