சாலையோர மரங்கள் வாகனப் புகையை வடிகட்டுமா? நெடுஞ்சாலை அருகே வாழும் நுரையீரல் நோயாளிகள் அறிய வேண்டியவை

பெரம்பலூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே, நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலை 38-இன் ஓரத்தில் பாடாலூர் அமைந்துள்ளது. சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் செல்லும் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக இவ்வழியே செல்கின்றன. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர், "வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே மரம் வைத்தால் புகை வராதா?" என்று கேட்பதுண்டு. ஓரளவு தடுக்கும் என்பதே இதற்கு விடை. எந்த அளவு, எதை, எப்போது என்பதை அறிந்துகொள்ளாமல் மரத்தை நம்பி மருந்தைக் குறைப்பதோ, சாலையோரத்தில் நெடுநேரம் அமர்வதோ ஆபத்தாகும்.

சாலையிலிருந்து வருவது ஒரே பொருளன்று

நெடுஞ்சாலைக் காற்றில் மூன்று வகைப் பொருள்கள் கலந்துள்ளன. முதலாவது, சக்கரங்கள் கிளப்பும் மண் தூசியும், பிரேக், டயர் தேய்மானத் துகள்களும். இவற்றில் பெரும்பகுதி பருமனானது. மூக்கிலும் தொண்டையிலும் தங்கி இருமலைத் தூண்டும். இரண்டாவது, டீசல் எஞ்சினிலிருந்து வரும் நுண்துகள்கள். 2.5 மைக்ரான் அளவுக்கும் சிறியனவான இவை (பி.எம். 2.5 எனப்படுபவை) நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடியவை. டீசல் புகைத் துகள்களில் பெரும்பாலானவை இந்த அளவிலும் மிகச் சிறியவை. மூன்றாவது, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள்.

மரம் இம்மூன்றையும் ஒரே விதமாக நடத்துவதில்லை. பருமனான தூசி காற்றோடு வளைந்து செல்ல இயலாமல் இலையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நெடுஞ்சாலையோரப் புளிய மரத்தின் இலைகள் கோடையில் சாம்பல் நிறமாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மரம் பிடித்து வைத்த தூசியே. நுண்துகளோ காற்றோடு சேர்ந்து இலையைச் சுற்றி நழுவிச் செல்கிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் தூசி குறைந்திருக்கும் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத துகள் ஏறக்குறைய அப்படியே இருக்கக்கூடும். வாயுக்களில் நைட்ரஜன் டை ஆக்சைடை இலைத்துளைகள் சிறிதளவு உறிஞ்சுகின்றன. கார்பன் மோனாக்சைடை மரங்கள் குறிப்பிடத்தக்க அளவில் நீக்குவதில்லை.

ஒரு கணக்கு

பாடாலூரில் சாலையோரத்திலிருந்து 30 மீட்டர் தொலைவில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். இடையில் 10 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியான மரவேலி உள்ளது. வெளியில் வீசும் காற்று மரங்களுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, நொடிக்கு அரை மீட்டராக நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாலைக் காற்று அந்த வேலியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 20 நொடிகள்தாம். இலைகள் துகளைப் பிடிப்பதற்குக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வளவே.

ஒவ்வொரு கன மீட்டர் இடத்திலும் 2 சதுர மீட்டர் இலைப்பரப்பு இருப்பதாகவும், நுண்துகள் இலையில் படியும் வேகம் நொடிக்கு 2 மில்லிமீட்டர் எனவும் கொண்டு கணக்கிட்டால், நுழையும் 100 நுண்துகள்களில் ஏறத்தாழ 8 மட்டுமே இலையில் தங்கும். 92 வீட்டை நோக்கி வந்துவிடும். பருமனான தூசி படியும் வேகம் இதைப்போல் ஐந்து மடங்கு எனக் கொண்டால், 100-இல் சுமார் 33 தங்கும். இவை தோராயமான எண்கள். மரவகைக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறும். ஆயினும் தூசிக்கும் நுண்துகளுக்கும் இடையிலான வேறுபாடு மாறாது. ஊர் முழுவதற்குமாகக் கணக்கிட்டாலும் நிலை இதுவே: அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு மரங்கள் நீக்கிய மாசு 1 கோடியே 74 லட்சம் டன் என்று மதிப்பிட்ட ஆய்வு, அதனால் காற்றின் தரம் சராசரியாக 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மேம்பட்டது என்றும் கூறியது.

அப்படியானால் மரவேலியால் பயனில்லையா?

பயன் உண்டு. அது பெரும்பாலும் வடிகட்டுவதால் வருவதன்று. தடுத்துத் திருப்புவதால் வருவது. அடர்ந்த மரவேலி ஒரு மதில்போல் நின்று, புகைக் காற்றை மேலே தூக்கிவிடுகிறது. மேலே சென்ற புகை தூய காற்றுடன் கலந்து நீர்த்த பிறகே கீழே இறங்குகிறது. சாதகமான நிலையில், வேலிக்கு நேர் பின்னே உள்ள இடத்தில் மாசு பாதி அளவு வரை குறையக்கூடும் என்று அளவீடுகள் காட்டியுள்ளன. சில பத்து மீட்டர்களைத் தாண்டியதும் இப்பயன் மங்கிவிடும். பொதுவாகவே, சாலை மாசு 300 முதல் 500 மீட்டர் தொலைவுக்குள் ஊரின் சராசரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே சாலையிலிருந்து விலகி இருப்பது எந்த மரத்தைக் காட்டிலும் சிறந்த காப்பு.

தடுப்பாகச் செயல்பட வேலிக்குச் சில தகுதிகள் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், உயரம் சுமார் 5 மீட்டரோ அதற்கு மேலோ, அகலம் 10 மீட்டரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், தரையிலிருந்து உச்சி வரை இடைவெளி கூடாது, காக்க வேண்டிய இடத்தைக் கடந்தும் இருபுறம் சுமார் 50 மீட்டர் நீள வேண்டும் என்கிறது. தனி வீட்டின் முன்புறத்தில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி நிலம் போன்ற இடங்களில்தான் இது நடைமுறைக்கு ஏற்றது.

உங்கள் வீட்டு முன்னுள்ள மரவரிசை தடுப்பாகிறதா என்பதை எளிதில் சோதிக்கலாம். இரவில், நோயாளி வழக்கமாக அமரும் இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள். லாரிகளின் முகப்பு விளக்கு கிளைகளுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தால், புகையும் அதே வழியாக வருகிறது. பழைய சாலைகளின் புளிய மரங்கள் நல்ல நிழல் தந்தன. ஆனால் அவற்றின் கவிகை மேலே, வெற்று அடிமரம் கீழே. வாகனத்தின் புகைக்குழாயும் நம் மூக்கும் இருப்பது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். வேம்பு, புங்கன் வரிசைக்கு முன்னே நொச்சி, ஆடாதொடை போன்ற புதர்ச் செடிகளை நெருக்கமாக வைத்தால் இந்த இடைவெளி அடைபடும். இவ்விரண்டையும் ஆடுகள் அதிகம் மேய்வதில்லை என்பது நம் ஊரில் ஒரு கூடுதல் வசதி.

சாலையின் நடுத்திட்டில் உள்ள அரளிச் செடிகளைப் பசுமை வடிகட்டி என்று எண்ண வேண்டாம். எதிர்வரும் வாகனத்தின் கூசும் ஒளியை மறைப்பதற்கும், வறட்சியைத் தாங்கும் என்பதாலும் அவை நடப்பட்டுள்ளன. அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை உடையவை. குழந்தைகள் உள்ள வீட்டில் வேலிக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மரம் உதவாத நேரங்கள்

ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும்போது, சாலைக்குக் கிழக்கே உள்ள வீடுகளுக்கே புகை மிகுதியாக வரும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் மேற்குப் புறத்துக்கு மாறும். ஒரு புறம் மட்டும் உள்ள வேலி ஒரு பருவத்துக்கே பயன்படும்.

மார்கழி, தை மாத அதிகாலைகள் இன்னும் கடினமானவை. காற்று அசையாமல், குளிர்ந்த காற்றுப் படலம் தரையோடு தங்கும்போது புகை மேலே செல்ல வழியில்லை. திருப்பிவிடுவதற்குக் காற்றோட்டமே இல்லாதபோது மரவேலியால் எதையும் திருப்ப இயலாது. நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குக் குளிரும் சளித்தொற்றும் சேரும் காலமும் அதுவே. இம்மாதங்களில் காலை நடையை வெயில் ஏறிய பின்னர், சாலையை விட்டு விலகிய ஊர்ப்பாதையில் மேற்கொள்ளுங்கள்.

சில இடங்களில் மரம் நிலைமையை மோசமாக்கவும் கூடும். இருபுறமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கிய குறுகிய கடைத்தெருவில், மேலே கூரைபோல் கவிந்த கிளைகள் கீழேயுள்ள புகையை வெளியேற விடுவதில்லை. பேருந்து நிறுத்தத்து மர நிழலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பேருந்தின் அருகே காத்திருப்பவருக்கு வெப்பம் குறைகிறது, புகை குறைவதில்லை. நிழலின் குளிர்ச்சியை நல்ல காற்று என்று உடல் எளிதில் தவறாக எண்ணிவிடும்.

இலை பிடித்த தூசி அங்கேயே நிரந்தரமாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். மழை அதைக் கழுவி மண்ணில் சேர்க்கும். மழையில்லாத மாதங்களில் பலத்த காற்று மீண்டும் கிளப்பிவிடும். எனவே சருகைக் கூட்டுவதற்கு முன் நீர் தெளியுங்கள். அந்த வேலையை நோயாளியிடம் விடாதீர்கள். சருகை எரிப்பது மிகப் பெரிய தவறு. ஆண்டு முழுவதும் மரம் பிடித்ததைக் காட்டிலும் அதிகமான நுண்துகளை, ஒரு குவியல் சருகுப் புகை உங்கள் வாசலிலேயே ஒரு மாலையில் தந்துவிடக்கூடும்.

மகரந்தம் மற்றொரு செய்தி. சீமைக் கருவேல மகரந்தம் ஆஸ்துமாவையும் மூக்கு ஒவ்வாமையையும் தூண்டக்கூடியது. அது பூக்கும் காலத்தில் உங்களுக்குத் தும்மலும் இழுப்பும் கூடினால், காரணம் சாலையாக மட்டும் இராது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோயாளி உறங்கும் அறையைச் சாலைக்கு எதிர்ப்புறத்துக்கு மாற்றுங்கள். சிறு வீடாயினும் இது பெரும்பாலும் இயலும், செலவும் இல்லை. லாரிப் போக்குவரத்து மிகும் நேரங்களில் சாலைப்பக்கச் சன்னலை மூடி, பின்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். விறகடுப்பும் கொசுவர்த்தியும் வீட்டுக்குள்ளேயே நுண்துகளை உண்டாக்குகின்றன. சாலைப் புகைக்கு வேலி போட்டுவிட்டு இவற்றை அறைக்குள் வைப்பது பொருளற்றது.

மாசு மிகுந்த நேரத்தில் வெளியே செல்ல நேர்ந்தால், முகத்தோடு நன்கு பொருந்தும் என்-95 முகக்கவசம் நுண்துகளைத் தடுக்கும். துணியோ துண்டோ அவ்வாறு தடுக்காது. கடுமையான மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே அதை அணிய வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். அந்த எண் ஊரின் பொதுநிலையைக் காட்டுவது. நெடுஞ்சாலையை ஒட்டிய உங்கள் வாசலில் மாசு அதைவிட மிகுதியாக இருக்கும் என்று கொள்ளுங்கள்.

மரம் வைத்த பின்னும், அறையை மாற்றிய பின்னும், மருத்துவர் எழுதித் தந்த உறிஞ்சு மருந்தை நாள்தோறும் தவறாமல் பயன்படுத்த வேண்டும். விரைவு நிவாரண உறிஞ்சு மருந்தை வழக்கத்தைவிட அடிக்கடி நாட வேண்டியிருந்தாலோ, சளி நிறம் மாறினாலோ, இரவில் இருமலால் விழித்தாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, நோயாளி குழப்பமோ மிகுந்த உறக்கக் கலக்கமோ அடைந்தாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.