இரவு வியர்வையும் அதன் துணை அறிகுறிகளும்: ஒரு வரலாற்று ஆய்வு

இரவில் வியர்த்து ஊற்றுகிறது, பனியனும் படுக்கை விரிப்பும் தொப்பலாக நனைந்துவிடுகின்றன என்று ஒருவர் சொன்னதும் மருத்துவர் கேட்பவை பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எடை குறைந்திருக்கிறதா? இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? வியர்வையைப் பற்றிக் கேட்காமல் அதற்குத் துணையாக வந்தவற்றைக் கேட்கும் இந்த வழக்கம் தானாக வந்ததன்று. அது உருவாகச் சுமார் நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்த வளர்ச்சியைக் காசநோய், ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்று என்ற இரண்டு நோய்களின் வழியே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் இரவு வியர்வையை நோயாளியை வற்றச் செய்யும் தனிக் கேடாகவே நடத்தினார்கள். காசநோயாளிக்குப் படுக்கும் முன் அட்ரோபின் கொடுப்பதும், வினிகர் கலந்த நீரால் உடம்பைத் துடைத்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. வியர்வைச் சுரப்பிக்கு நரம்பு அனுப்பும் கட்டளையை அட்ரோபின் தடுப்பதால் வியர்வை நின்றது. ஆனால் வாய் வறண்டது, பார்வை மங்கியது, நுரையீரலில் நோய் முன்போலவே பரவியது. விரிப்பு உலர்ந்திருந்ததைக் குணத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டதுதான் அந்தக் காலத்தின் பெரும் பிழை.

அந்தப் பார்வையை மாற்றியவற்றில் வெப்பமானிக்கு முக்கிய இடம் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் காய்ச்சல் வரைபடங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபின், படுக்கையருகே வெப்பநிலையைக் குறித்துவைக்கும் பழக்கம் பரவியது. காசநோயாளியின் காய்ச்சல் மாலையில் ஏறி இரவில் இறங்கியது. இறங்கும் நேரத்தில்தான் வியர்வை பெருகியது. கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தை உயர்ந்த அளவில் நிறுத்திவைக்கின்றன. அந்த அளவு திரும்பக் கீழே வரும்போது, கூடுதல் சூட்டை வெளியேற்ற உடம்பு வியர்க்கிறது என்று இன்று விளக்குகிறோம். 1882 மார்ச் 24இல் பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தபின் சளியைச் சோதித்து நோயை உறுதிசெய்ய வழி பிறந்தது. வியர்வை நோய் என்ற நிலையிலிருந்து இறங்கி, சோதனைக்கு அனுப்பும் அறிகுறியாயிற்று.

நிணநீர்ப் புற்றின் வரலாறு இதைவிடத் துல்லியமானது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த ஏழு பேரை விவரித்தார். அந்நோயின் கட்டங்களை வகுக்க 1965இல் நியூயார்க் மாநிலத்தின் ரை நகரில் கூடியவர்கள் காய்ச்சல், இரவு வியர்வை, அரிப்பு ஆகிய மூன்றையும் கவலைக்குரிய அறிகுறிகளாக வைத்தனர். 1971இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் கூடியவர்கள் அப்பட்டியலைத் திருத்தினர். அரிப்பு தனியாக வந்தால் கணக்கில் சேராது என்று நீக்கப்பட்டது. அதன் இடத்தில், காரணம் தெரியாமல் ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது சேர்க்கப்பட்டது. காய்ச்சலுக்கு 38 டிகிரி செல்சியஸ் என்ற எல்லை வந்தது. பின்னாளில் வியர்வையும் உடை, விரிப்பு நனையும் அளவில் இருக்கவேண்டும் என்று ஆயிற்று. இரவு வியர்வையைப் பற்றிய மருத்துவச் சிந்தனையில் இந்தத் திருத்தங்களே மிக முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து. கழுத்து சற்று ஈரமாவதையும் விரிப்பை மாற்ற நேர்வதையும் அவை வேறுபடுத்தின. எடையை நேரடியாக அளக்கும் வழக்கத்தையும் நிலைநிறுத்தின.

இருமலின் நாள்கணக்கு முக்கியமானதில் தென்னிந்தியாவுக்குப் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் இருந்தபடி மருந்து உண்பவர்களையும் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு, வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தரும் என்று 1959இல் காட்டியது. மருத்துவமனைப் படுக்கை இனித் தடையில்லை என்றானதும், நோயாளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் பானர்ஜியும் ஆண்டர்சனும் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தந்தது. நோய் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் அறிகுறிகளை உணர்ந்திருந்தார்கள். பாதிப்பேர் அளவில் மருத்துவ நிலையங்களுக்கும் போயிருந்தார்கள். அவர்கள் மருந்தைத் தேடி வந்தார்கள்; அங்கே அவர்களின் சளியைச் சோதிக்கத்தான் ஆளில்லை. நீடித்த இருமலோடு வருகிறவரின் சளியைச் சோதிப்பதே நாட்டின் காசநோய்த் திட்டத்துக்கு அடிப்படையாயிற்று. மூன்று வாரம் என்றிருந்த இருமல் எல்லை பின்னர் இரண்டு வாரமாகக் குறைக்கப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் குடும்ப மருத்துவர்களிடம் வந்தவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் மோல்டும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, 41 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் இரவு வியர்வையை உணர்ந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோயோ புற்றோ இருக்க வழியில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைவதால், வியர்க்காமலும் நடுங்காமலும் உடம்பு தாங்கும் வெப்ப இடைவெளி சுருங்கிவிடுகிறது. சிறிய சூடும் வியர்வையைத் தூண்டுகிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், மது, காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால், காற்றில்லாத அறை எல்லாம் விரிப்பை நனைக்கக்கூடியவைதாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதும் இன்சுலின் போடுபவருக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவதும் வியர்வையைத் தரும். ஆனால் இவ்விரண்டையும் தீங்கற்றவை என்று விட்டுவிடலாகாது, சிகிச்சை வேண்டியவை.

இரண்டு நோயாளிகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 50 வயதுப் பெண். மார்பிலிருந்து முகத்துக்குச் சட்டென்று சூடு ஏறி, சில நிமிடம் வியர்த்து, பிறகு குளிர்கிறது. பகலிலும் இப்படி வருகிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறது. எடை மாறவில்லை, இருமலும் காய்ச்சலும் இல்லை. இது மாதவிடாய் நிற்கும் காலத்து வியர்வையின் இலக்கணமே. இரண்டாமவர் 35 வயது ஆட்டோ ஓட்டுநர். இரவில் பனியனை மாற்றவேண்டியிருக்கிறது, ஐந்து வாரமாக இருமல், மாலையில் உடம்பு சுடுகிறது. பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை. இடுப்புவாரில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். நான்கு மாதம் முன்பு 62 கிலோ, இப்போது 55. குறைந்த ஏழு கிலோ, பழைய எடையில் பதினோரு விழுக்காடு. இருமல் இல்லாவிட்டால்கூட இந்த எடைக்குறைவு மட்டுமே சோதனைக்குப் போதும். சளியை மரபணுச் சோதனைக்கு அனுப்பவேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். கழுத்து, அக்குள், கவட்டை ஆகிய இடங்களில் வலியில்லாத கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். இருந்தால் அதிலிருந்து திசு எடுத்துச் சோதித்தே காசநோயா புற்றா என்று சொல்லமுடியும். இரத்தச் சர்க்கரையையும் பார்த்தாகவேண்டும். சர்க்கரை நோய் தானே எடையைக் குறைக்கும், காசநோய் வரும் வாய்ப்பையும் கூட்டும். எடை இறங்கியதற்குச் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிட்டால் காசநோய் மறைந்துகொள்ளும்.

அறிகுறிப் பட்டியலுக்கும் எல்லை உண்டு. இருமலே இல்லாத காசநோயாளிகள் இருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டறியப்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தப்பியிருப்பார்கள். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் வந்திருந்தாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ, வியர்வை மட்டுமே இருந்தாலும் சோதனைக்குப் போவதே சரி.

விரிப்பு நனைந்த இரவுகளை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள்; மாலை நேரத்து வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். எடை இறங்கினாலோ, காய்ச்சல் தொடர்ந்தாலோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.