கப்பல் கட்டும் தளமும் முப்பது பங்குகளும்

போர்ட் கொச்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பங்குகள் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், போனஸ் கொடுத்தாங்க, விலை பாதியாயிடுச்சே, எனக்கு லாபமா நஷ்டமா?" காயலுக்கு அக்கரையில் இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் கதையை வைத்தே இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

1972-இல் தொடங்கிய இந்த அரசு நிறுவனம் 2017 ஆகஸ்டில்தான் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. விலை 432 ரூபாய், முகமதிப்பு 10 ரூபாய். அதற்கு முந்தைய வருடமே (2016) மத்திய அரசு தன் நிறுவனங்களுக்கு ஒரு விதி போட்டிருந்தது. கையில் பணம் நிறைய இருந்தால் பங்கைத் திரும்ப வாங்கு; ரிசர்வ் மூலதனத்தைப் போல் பத்து மடங்கானால் போனஸ் கொடு; விலை முகமதிப்பைப் போல் ஐம்பது மடங்கைத் தாண்டினால் பங்கைப் பிரி. (2024-இல் இந்த வரம்புகளை உயர்த்திவிட்டார்கள்.)

முதலில் பிரிப்பு. 2024 ஜனவரி 10-ஐ ரெக்கார்ட் தேதியாக வைத்து, 10 ரூபாய்ப் பங்கு ஒன்றை 5 ரூபாய்ப் பங்கு இரண்டாக்கினார்கள். முப்பது பங்கு வைத்திருந்தவரிடம் அறுபது ஆனது. மொத்தப் பங்குகளும் 13,15,40,390-இலிருந்து 26,30,80,780 ஆயின. அவருடைய பாகம் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான். ஐநூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை மாற்றிய மாதிரி!

போனஸும் பலனில் இதே கதைதான், கணக்கெழுதும் விதம்தான் வேறு. முகமதிப்பு மாறாது, ரிசர்வில் இருக்கும் தொகை மூலதனத்துக்கு மாறும். பக்கத்து ஆலுவாவில் இருக்கும் ஃபெடரல் வங்கி இரண்டையும் செய்தது. 2013-இல் 10 ரூபாய்ப் பங்கை ஐந்தாகப் பிரித்தது, 2015-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஆக, பழைய ஒரு பங்கு பத்தானது. வங்கிக்குள் புதிதாக ஒரு பைசா வரவில்லை, வெளியே போகவும் இல்லை.

பயம் எங்கே வருகிறது? விலை குறைந்து வர்த்தகமாகும் நாளிலேயே புதிய பங்குகள் டிமேட் கணக்கில் தெரியாமல் போகலாம், சில நாள் பிடிக்கும். அதுவரை திரையில் பாதிப் பணம் போன மாதிரி காட்டும். ரெக்கார்ட் தேதியைப் பாருங்கள், பதற்றத்தில் விற்றுவிடாதீர்கள்.

திரும்ப வாங்கல் மட்டும் வேறு ஜாதி, இதில் உண்மையாகவே பணம் வெளியேறுகிறது. 2018 கடைசியில் கப்பல் தளம் 43,95,610 பங்குகளைப் பங்குக்கு 455 ரூபாய் வீதம் வாங்கி ரத்து செய்தது. போன பணம் சுமார் 200 கோடி. விற்காமல் இருந்தவரின் பாகம் சுமார் 3.3 சதவீதம் பெருத்தது. ஆனால் பெருத்தது, 200 கோடி குறைந்துபோன நிறுவனத்தில்!

லாபமா என்பது விலையைப் பொறுத்தது. ஒரு சின்னக் கணக்கு. நிறுவனத்தின் உண்மை மதிப்பு 10,000 ரூபாய், பங்குகள் 100. பங்குக்கு 100 ரூபாய். பத்துப் பங்கை 100-க்கு வாங்கினால் மீதி 9,000, பங்குகள் 90. அதே 100 ரூபாய். 120-க்கு வாங்கினால் மீதி 8,800; தங்கியவரின் பங்கு 97.78 ரூபாயாகிவிடும். அதாவது விற்றவர் பையில் போனது தங்கியவரின் பணம். 80-க்கு வாங்கினால் 102.22. இப்போது தங்கியவருக்கு லாபம்.

"பங்குக்கு லாபம் உயர்ந்தது" என்று செய்தி வந்தால் உடனே மகிழ வேண்டாம். வகுக்கும் எண் குறைந்தாலே அது உயரும். மொத்த லாபம் உயர்ந்ததா என்று பாருங்கள். விற்க நினைப்பவர்கள், எல்லாப் பங்கையும் எடுத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். டெண்டர் முறையில் ரெக்கார்ட் தேதியன்று இரண்டு லட்ச ரூபாய் வரை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளருக்கு 15 சதவீத ஒதுக்கீடு உண்டு.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு ஒரு வார்த்தை. ஊரில் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் இருந்தால், அதில் அச்சாகியிருக்கும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். இடையில் பிரிப்பும் போனஸும் வந்திருந்தால், நூறு என்று இருப்பது இன்று ஆயிரமாக இருக்கலாம். பழைய விலாசத்துக்குப் போன டிவிடெண்டை ஏழு வருடம் தொடர்ந்து யாரும் வாங்காவிட்டால், பங்குகளே அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். IEPF-5 படிவம் போட்டு மீட்கலாம்; ஆனால் அலைச்சல் அதிகம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து, ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.