வில்லுப்பாட்டுக் காணொளியில் பார்வையாளர் விலகும் இடம்: நிலைப்பு வரைபடத்தை வாசிக்கும் முறை

1. ஆய்வுப் பொருள்

நாஞ்சில் நாட்டில் இசக்கியம்மன், சுடலைமாடன் கோயில் கொடைகளில் பாடப்படும் வில்லுப்பாட்டு இன்று கைப்பேசியிலும் கேட்கப்படுகிறது. கொடை முடிந்த சில நாட்களில் முழு இரவுப் பாட்டும் அப்படியே யூடியூபில் ஏறிவிடும். பிறகு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடக் கதைப்பகுதிகளை வெட்டித் தனித்தனியே போடுவார்கள். இரண்டாவது வகைதான் இக்கட்டுரையின் பொருள். அங்கேதான் எதை வைப்பது, எதை விடுவது என்பது எடிட் செய்பவர் கையில் இருக்கிறது.

களத்தில் பாடும் அண்ணாவிக்குக் கூட்டம் கண்முன் இருக்கும். ஆட்கள் எழுந்து டீக்கடைப் பக்கம் நகர்ந்தால் அவர் வருணனையைச் சுருக்கிக் கதைக்குள் இறங்கிவிடுவார். பின்பாட்டுக்காரரிடம் ஒரு கேள்வியைப் போட்டு உறங்குபவரை எழுப்புவார். காணொளியில் அந்தக் கூட்டம் நிலைப்பு வரைபடத்தின் கோடாகத்தான் தெரிகிறது. அந்தக் கோட்டை எப்படி வாசிப்பது, அதை வைத்து அடுத்த தொகுப்பில் எதை மாற்றுவது என்பதே கேள்வி. 2012இல் யூடியூப் பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்குப் பரிந்துரையில் முதன்மை தரத் தொடங்கியது. அதிலிருந்து இந்தக் கோடு எடிட் செய்பவரின் அன்றாட வேலைக்குள் வந்துவிட்டது.

2. கோடு எண்ணுவது ஆட்களை அல்ல

பலர் இடறுவது இங்கேதான். வரைபடத்தின் கிடைக்கோடு காணொளியின் நேரம். செங்குத்துக்கோட்டில் 40 சதவீதம் என்று இருந்தால், ‘நூறு பேரில் நாற்பது பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று வாசிக்கிறோம். உண்மையில் அது, அந்த நொடி எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதைக் காணொளியின் மொத்தப் பார்வைகளால் வகுத்து வரும் விகிதம். ஒருவர் பின்னால் இழுத்து இரண்டாம் முறை பார்த்தால் அந்த நொடிக்கு இரண்டு கணக்கு. தாண்டிப் போனால் கணக்கே இல்லை. அதனால்தான் கோடு சில இடங்களில் ஏறுகிறது. மிகவும் விரும்பிப் பார்க்கப்படும் குறுங்காணொளியில் 100ஐத் தாண்டவும் செய்யும். போனவர் திரும்பி வந்தார் என்று அதற்குப் பொருள் இல்லை.

இதிலிருந்து மூன்று வடிவங்கள் கிடைக்கின்றன. கோடு படியிறங்கி மறுபடி ஏறாமல் அதே மட்டத்தில் தொடர்ந்தால், அங்கே ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். பள்ளம் விழுந்து சில நொடிகளில் பழைய மட்டத்துக்கே வந்துவிட்டால், அவர்கள் போகவில்லை. திரையை இருமுறை தட்டித் தாண்டிவிட்டார்கள். மேடு எழுந்தால் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், அல்லது யாரோ அந்த நொடியிலிருந்து தொடங்கும் இணைப்பைப் பகிர்ந்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. பள்ளத்தைப் பார்த்து ‘இங்கே ஆள் போய்விட்டது’ என்று பதறுபவர், படியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

கோட்டின் நுணுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. யூடியூபின் பகுப்பாய்வு இடைமுகத்திலிருந்து எண்களாக எடுத்தால், `elapsedVideoTimeRatio` என்ற பத்தி காணொளியை 100 பங்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு `audienceWatchRatio` மதிப்பைத் தருகிறது. 12 நிமிடக் காணொளியில் ஒரு பங்கு 7.2 நொடி. போதாததற்கு, சலித்த உடனே யாரும் விரலை அசைப்பதில்லை. ஆகவே சரிவு தெரியும் நொடியில் காரணத்தைத் தேடக்கூடாது. அதற்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னிருந்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

3. ஒரு மாதிரிப் பகுப்பாய்வு

முப்பந்தல் இசக்கி கதையிலிருந்து 12 நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் முறையை விளக்குவதற்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் அவற்றின் போக்கு இவ்வகைக் காணொளிகளில் எதிர்பார்க்கத்தக்கதே.

தொகுப்பின் அமைப்பு இது. முதல் 25 நொடி ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் மேல் பறக்கும் டிரோன் காட்சியும் சேனல் முத்திரையும். பிறகு 1:30 வரை காப்புப் பாடல். 1:30 முதல் 2:20 வரை கொடை நடத்தும் ஊர், குழுவினர், உபயதாரர் பெயர்கள். அதன் பின் கதை. 5:00 முதல் 5:45 வரை உடுக்கும் குடமும் மட்டும். 8:10இல், இசக்கி கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செட்டியின் பின்னால் வரும் கட்டம். 11:20இல் வாழி.

நூறில் தொடங்கும் கோடு 0:30இல் 58. 1:30இல் 52. 2:20இல் 39. அதன்பின் கிட்டத்தட்ட சமதளம். 5:00க்குப் பிறகு 30 வரை இறங்கும் பள்ளம், 5:45இல் மறுபடி 38. 8:10ஐ ஒட்டி 44க்கு ஒரு மேடு. 11:20இல் 35, அங்கிருந்து செங்குத்தாக வீழ்ச்சி.

யார் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுவது காப்புப் பாடலைத்தான். ‘இந்தக் காலத்தில் சாமி கும்பிட்டு ஆரம்பித்தால் யார் பார்ப்பார்கள்’ என்பது தயாராக இருக்கும் தீர்ப்பு. கணக்கு அதை ஏற்கவில்லை. இழப்பைப் பார்க்கும்போது எத்தனை புள்ளி குறைந்தது என்று மட்டும் பார்க்காமல், அப்போது இருந்தவர்களில் எத்தனை பங்கு போனது என்று பார்க்க வேண்டும். 0:30 முதல் 1:30 வரை 58இல் 6 போனது. இருந்தவர்களில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் ஒரு முழு நிமிடத்தில். பெயர்ப் பட்டியல் ஓடிய 50 நொடியில் 52இல் 13 போனது. நாலில் ஒரு பங்கு. வில்லின் மணியோசையும் உடுக்கும் ஒலிக்கும்வரை ஆட்கள் இருந்திருக்கிறார்கள். மைக்கில் பெயர் வாசித்தபோதுதான் எழுந்திருக்கிறார்கள்.

முதல் அரை நிமிட வீழ்ச்சி வேறு வகை. தவறாகத் தொட்டு வந்தவர்கள் எல்லாக் காணொளியிலும் அங்கே கழிவார்கள்; அதில் ஒரு பங்கைத் தடுக்கவே முடியாது. எவ்வளவு தடுக்கலாம் என்பதை அறிய, யூடியூப் ஸ்டூடியோ காட்டும் ‘வழக்கமான’ கோட்டோடு ஒப்பிடலாம்; அது அதே சேனலின் ஒத்த நீளமுள்ள அண்மைக் காணொளிகளிலிருந்து வருவது. நம் மாதிரியில் தம்ப்நெயில் இசக்கியைக் காட்டுகிறது. திறந்தால் காற்றாலை சுற்றுகிறது. வந்தவர் கேட்க வந்தது 25 நொடிக்குப் பிறகே வருகிறது. காற்றாலைக் காட்சி அழகாக இருக்கலாம். முப்பந்தல் எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு அது இடத்தைக் காட்டவும் செய்யும். ஆனால் அவர் கதைக்காக வந்தவர்.

அடுத்து, கோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதியவர், மீண்டும் வருபவர் என்று தனித்தனிக் கோடுகளை ஸ்டூடியோ தரும். பெயர்ப் பட்டியலில் மீண்டும் வருபவர் கோடு அவ்வளவாகச் சரியாமல், புதியவர் கோடு மட்டும் சரிந்தால் விஷயம் தெளிவு: உள்ளூர்க்காரருக்குத் தன் மாமன் பெயர் கேட்கவேண்டும், துபாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ முதன்முறை வந்தவருக்கு அந்தப் பெயர்கள் யாரோ. இரண்டு கோடும் ஒன்றாகச் சரிந்தால் வேறு காரணம் தேட வேண்டும், ஒலி இரைந்திருக்கலாம்.

4. மேட்டை நம்பலாமா

8:10இல் எழுந்த மேட்டைக் கண்டதும் ‘இந்தக் கட்டம் பிடித்துவிட்டது’ என்று மகிழ்வது இயல்பு. அது உண்மையாக இருக்கலாம். ஆனால் திரும்பப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சொன்னது காதில் விழவில்லை. கொடைக் களத்தில் உச்சக்கட்டத்தில்தான் வெடி போடுவார்கள். குழாய் ஒலிபெருக்கி சொற்களை விழுங்கும். ஹெட்போன் போட்டு அந்த இருபது நொடியைக் கதை தெரியாத ஒருவரிடம் கேட்கச் சொன்னால் எது என்று தெரிந்துவிடும். அவருக்குப் புரியவில்லை என்றால் அந்த மேடு பாராட்டாக இருக்க வாய்ப்பு குறைவு. அங்கே பாட்டு வரிகளைத் திரையில் எழுத்தாகப் போட வேண்டும். மேடு அடுத்த தொகுப்பில் தணிந்தால் அதுவே வெற்றி. கோடு தணிவதை வெற்றி என்று சொல்ல வேண்டிவரும் இடங்களில் இது ஒன்று.

காணொளியில் நேரக்குறிகள் இட்டு அத்தியாயமாகப் பிரித்திருந்தால், ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் சிறு மேடுகள் எழக்கூடும். அவை குறியைத் தொட்டு வந்தவர்களால் ஏற்படுபவை.

5. எதை முதலில் மாற்றுவது

கோட்டின் கீழுள்ள பரப்புதான் மொத்தம் பார்க்கப்பட்ட நேரம். எனவே எந்தத் திருத்தம் எவ்வளவு தரும் என்று முன்கூட்டியே மதிப்பிடலாம். 100 பார்வைக்கு என்று கணக்கிடுவோம்.

5:00இல் விழுந்த பள்ளத்தின் ஆழம் சுமார் 9 புள்ளி, அகலம் முக்கால் நிமிடம். முக்கோணமாகக் கொண்டால் பரப்பு 3.4 நிமிடம். வாத்தியப் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்தாலும் மீளும் இழப்பு அவ்வளவுதான். பெயர்ப் பட்டியலில் போனவர்களில் 10 பேரைத் தக்கவைத்தால், அவர்கள் மற்றவர்களைப் போலவே மெல்லக் குறைந்துகொண்டு 11:20 வரை 9 நிமிடம் இருப்பார்கள். 80 நிமிடத்துக்கு மேல். தொடக்கத்தில் நிறுத்தப்பட்டவர் பின்னால் வரும் எல்லா நொடிக்கும் கணக்கில் வருகிறார். 11:20க்குப் பிந்தைய வீழ்ச்சியைத் தொடவே தேவையில்லை. வாழி பாடினால் கதை முடிந்தது என்று நாஞ்சில் நாட்டில் குழந்தைக்கும் தெரியும்.

ஆகவே அடுத்த தொகுப்பில் பெயர்ப் பட்டியலை முன்னிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் எறிந்துவிட முடியாது; வரி கொடுத்தவர் பெயர் இல்லாமல் காணொளி போட்டால் அடுத்த கொடைக்குக் கேமராவை உள்ளே விடமாட்டார்கள். வாத்தியப் பகுதியில், உடுக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, பெயர்களைத் திரையின் கீழே எழுத்தாக ஓடவிடலாம். அங்கே தாண்டுபவர் தாண்டட்டும். உள்ளூர்க்காரர் நின்று வாசிப்பார். பள்ளம் சற்று ஆழமானாலும் இழப்பு சில நிமிடமே.

டிரோன் காட்சியை அகற்றிக் காப்பின் முதல் மணியோசையிலேயே தொடங்குவது இரண்டாவது திருத்தம். உச்சக்கட்டத்தை வெட்டி முன்னால் ஒட்டும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். வில்லுப்பாட்டில் கதை கேட்பவருக்கு முன்பே தெரியும். அது எப்படி வளர்கிறது என்பதற்காகவே உட்கார்கிறார். முன்னோட்டம் அவருக்கு எதையும் புதிதாகச் சொல்லாது.

இரண்டையும் ஒரே தொகுப்பில் செய்தால் எது பலித்தது என்று பிரித்தறிவது கடினம். இங்கே இரண்டும் கோட்டில் வேறுவேறு இடத்தில் இருப்பதால் ஓரளவு தெரியும். ஒரே நிமிடத்துக்குள் இரு மாற்றம் என்றால் தெரியாது.

6. வரம்புகள்

ஏற்றிய காணொளியை அதே முகவரியில் புதிதாக மாற்ற யூடியூப் விடாது. ஸ்டூடியோவிலேயே நடுவில் வெட்டி எடுக்கலாம், அவ்வளவுதான். எனவே பெயர்களை இடம் மாற்றுவதெல்லாம் அடுத்த காணொளிக்குத்தான். அது வேறு கதை, வேறு அண்ணாவி. ஒப்பீடு எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

பார்வை சில டஜன்தான் என்றால் கோடு குலுங்கும். நாலு பேர் தாண்டியதே பள்ளமாகத் தெரியும். நூறைத் தாண்டி, இரண்டு மூன்று நாள் கழிந்த பிறகு பார்ப்பது நல்லது. பல நூறு பார்வை சேரும்வரை சின்ன வளைவுகளைப் பொருட்படுத்தவேண்டாம். முதல் வாரக் கோட்டையும் மூன்றாம் மாதக் கோட்டையும் அப்படியே ஒப்பிடவும் கூடாது. முதல் வாரத்தில் பெரும்பாலும் சந்தாதாரரும் ஊராரும் வருவார்கள். பரிந்துரை வழியே அயலார் வரத் தொடங்கியதும் சதவீதம் இறங்கும். காணொளி பரவுகிறது என்பதன் அடையாளமாகவும் அந்த இறக்கம் இருக்கலாம்.

நீளம் வேறுபட்டால் சதவீதத்தை விட்டு நிமிடத்துக்கு வர வேண்டும். 4 நிமிடத் துணுக்கில் 50 சதவீதம் 2 நிமிடம். 40 நிமிட முழுக்கதையில் 25 சதவீதம் 10 நிமிடம். இரண்டாவது கோடு பார்வைக்குத் தாழ்வாக இருக்கும். கதை கேட்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.